விடியற்காலை நாலரை மணி எனர்ஜி டிரிங்க்

கேள்வி: எனக்கு வயது 39. மதுரை–சென்னை ஆம்னி பஸ் ஓட்டுகிறேன். ஒரு ராத்திரி போனால் மறு ராத்திரி திரும்பணும், வாரத்துக்கு ஆறு ராத்திரி. 9.30-க்கு மாட்டுத்தாவணியில் எடுத்தால் காலை 5.30 வாக்கில் கிளாம்பாக்கம். கிளம்பும்போது ஒரு டீ, 12 மணிக்குத் திருச்சியில் காபி, 2.15-க்கு உளுந்தூர்பேட்டையில் ஒரு எனர்ஜி டிரிங்க், 3.30-க்குத் திண்டிவனத்தில் டீ, 4.30-க்குச் செங்கல்பட்டு பக்கம் இன்னொரு எனர்ஜி டிரிங்க். வண்டியை விட்டதும் 6 மணிக்குச் சக டிரைவர்களோடு ஒரு காபி. 8 மணிக்குப் படுத்தால் 11-க்கே முழிப்பு வந்துவிடுகிறது. மூன்று மாதம் முன்னால் சிகரெட்டை விட்டேன், அதிலிருந்து தூக்கம் இன்னும் மோசம். போன மாதம் மேல்மருவத்தூர் தாண்டி ஒரு நொடி கண் செருகிவிட்டது. ரோட்டோரக் கோட்டில் டயர் ஏறி அதிர்ந்த சத்தத்தில்தான் முழித்தேன். காபி, டீயை விட்டுவிட்டு முழுக்க எனர்ஜி டிரிங்குக்கே மாறிவிடலாமா? அதில் வைட்டமின் இருக்கிறது, கெடுதல் இல்லை என்கிறார் மச்சான். பகலில் தூங்க மெடிக்கலில் ஒரு மாத்திரை தருகிறார்கள். போடலாமா?

பதில்: கண் செருகியதிலிருந்தே தொடங்குகிறேன். அது ஒரு நொடிதான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் தூங்கிய நேரத்தைத் தூங்கியவரால் அளக்க முடியாது. இப்படி வரும் குட்டித் தூக்கம் பெரும்பாலும் சில நொடிகள் நீடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும், ஸ்டியரிங்கில் ஆள் இல்லாமல். அந்தக் கோட்டை அதிரும்படி போட்டவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்லலாம். இனி அதை நம்பி ஓட்ட வேண்டாம்.

நீங்கள் சொன்ன இடத்தை வைத்துப் பார்த்தால் அப்போது மணி நாலை ஒட்டி இருந்திருக்கும். ராத்திரி 2-லிருந்து 6 வரை நம் உடலின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். அதிலும் 3-லிருந்து 5 வரை படுமோசம். அந்த நேரத்துக்குள் நீங்கள் நாலு முறை கஃபீன் எடுத்திருந்தும் கண் செருகியிருக்கிறது. அப்படியென்றால் கஃபீன் போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவு உங்களிடம் தாராளமாகவே இருக்கிறது, அது வரும் நேரம்தான் சரியில்லை. அதற்கும் அடியில் உங்கள் பகல் தூக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

கஃபீன் செய்வது என்ன?

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் உட்கார மூளையில் தனி இருக்கைகள் உண்டு. உட்கார்ந்தால் கண் சொக்கும். கஃபீன் என்ன செய்கிறது என்பதை ஒரு பஸ் டிரைவருக்குச் சொல்வது சுலபம். அந்த இருக்கைகளில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அடினோசின் எங்கும் போய்விடவில்லை. வழியில் நின்றபடி கூடிக்கொண்டே இருக்கிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும். அதை இறக்கிவிடத் தூக்கத்தால் மட்டும்தான் முடியும்.

துண்டு விழுவதற்கும் நேரம் பிடிக்கும். குடித்து 20, 30 நிமிடத்தில்தான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். உச்சம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து வரும். இப்போது உங்கள் 4.30 மணி எனர்ஜி டிரிங்கைப் பாருங்கள். அது நன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் கிளாம்பாக்கத்தில் பயணிகளை இறக்கிக்கொண்டிருப்பீர்கள். சாலைக்கு அதனால் கிடைத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உங்கள் தலையணைக்குப் போகிறது. 6 மணி காபியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதில் சாலைக்கு எந்தப் பங்கும் இல்லை.

காலை 8 மணிக் கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நெடுஞ்சாலைக் கடை கிளாஸ் சின்னது, தூளில் சிக்கரி கலந்திருந்தால் கஃபீன் இன்னும் குறையும். ஆகவே உங்கள் காபிக்கு 80, டீக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். எனர்ஜி டிரிங்குக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எனவே 250 மில்லி குப்பியில் அதிகபட்சம் 75 இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு ராத்திரிக்கு 390 வருகிறது. அதே தேசிய நிறுவனம் ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது.

மொத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் படுக்கும்போது உடம்பில் மிச்சம் எவ்வளவு என்பது. சாதாரண ஆளுக்கு உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், கிளம்பும்போது குடித்த டீயில் காலை 8 மணிக்கு ஒன்பது மில்லிகிராம்தான் மிச்சம். திருச்சிக் காபியில் 26. ஆனால் 4.30 மணிக் குப்பியில் 46-ம், 6 மணிக் காபியில் 60-ம் அப்படியே நிற்கின்றன. ஆறையும் கூட்டினால் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம். இரண்டரை கிளாஸ் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பாயில் விழுவதற்குச் சமம் இது.

"ஆனாலும் 8 மணிக்குப் படுத்ததும் தூங்கிவிடுகிறேனே" என்று நீங்கள் கேட்கலாம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர் படுத்ததும் தூங்கத்தான் செய்வார். கெடுவது அதற்குப் பிந்தைய தூக்கம். ஆழ்ந்த தூக்கம் குறையும், நடுவில் சின்னச் சின்ன விழிப்புகள் வரும், 11 மணிக்கு மொத்தமாகக் கலைந்துவிடும். ராத்திரித் தூக்கத்தைவிடப் பகல் தூக்கத்தைக் கஃபீன் எளிதாகக் கலைக்கும். ராத்திரியில் உடலின் கடிகாரமும் தூங்கச் சொல்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் அது எழுந்திருக்கச் சொல்கிறது. உங்களைத் தூக்கத்தில் பிடித்து வைத்திருப்பது சேர்ந்து கிடக்கும் அடினோசின் மட்டும்தான். அதன் இருக்கையிலும் துண்டு கிடந்தால் பிடிமானம் ஏது?

சிகரெட்டை விட்டதால்தானா?

ஆமாம், நிஜமாகவே தொடர்பு உண்டு. ஆனால் நீங்கள் நினைப்பது போல அல்ல. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் கஃபீனை வேகமாக அழிக்க வைக்கும். புகைப்பவருக்கு அது பாதியாகக் குறைய மூன்று மணி நேரம் போல இருந்தால் போதும். விட்ட சில நாட்களிலேயே கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதாவது மூன்று மாதத்துக்கு முன் இதே ஆறு கிளாஸைக் குடித்தபோது காலை 8 மணிக்கு உங்களுக்கு மிச்சமிருந்தது ஏறக்குறைய 130. இப்போது 200. சிகரெட்டை விட்டீர்கள், காபிக் கணக்கை மாற்றவில்லை. தயவுசெய்து தூக்கத்துக்காகச் சிகரெட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், குறைக்க வேண்டியது கஃபீனை.

வழியில் கண்டதைச் சாப்பிட்டு வயிற்றால் போகும்போது டிரைவர்கள் அடிக்கடி வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் கஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அதைப் போடும் நாட்களில் படபடப்பும் தூக்கமின்மையும் கூடினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

எனர்ஜி டிரிங்கா, காபியா?

உங்களை விழிக்க வைப்பது இரண்டிலும் ஒரே கஃபீன்தான். மச்சான் சொல்லும் வைட்டமின் அதில் இருப்பது உண்மை. ஆனால் குறைபாடு இல்லாத ஒருவரை பி வைட்டமின் விழிக்க வைக்காது. எனர்ஜி டிரிங்கில் ஒரு நல்லது உண்டு. எவ்வளவு கஃபீன் என்று குப்பியிலேயே அச்சடித்திருப்பார்கள், கடைக்காரர் கைப்பதத்தை நம்ப வேண்டியதில்லை. கெட்டது சர்க்கரை. சில 250 மில்லி குப்பிகளில் 25 கிராமுக்கு மேல், ஐந்தாறு டீஸ்பூன் அளவுக்கு இருக்கும். தினம் இரண்டு குப்பி, உட்கார்ந்தே செய்யும் வேலை, நாற்பதை நெருங்கும் வயது என்று மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை வியாதி எனக்குக் கண்முன் தெரிகிறது. ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். முழுக்க அதற்கே மாறினால் ராத்திரிக்கு நாலைந்து குப்பியில் போய் நிற்பீர்கள். ஆகவே முழுசாக மாற வேண்டாம். சரியான நேரத்தில் ஒரு குப்பி குடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உளுந்தூர்பேட்டையில் அரை மணி நேரம்

நான் சொல்லும் மாற்றத்தின் மையம் இதுதான். கஃபீனின் பெரும்பகுதியை 2.15-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அங்கேயே ஒரு குட்டித் தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் ஒரு எனர்ஜி டிரிங்கும் ஒரு கிளாஸ் காபியும், அல்லது இரண்டு கிளாஸ் காபி, ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிடுங்கள். ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரும். ஊதி ஊதி, பேசிக்கொண்டே குடித்தால் கணக்குத் தப்பும். பயணிகள் டீ குடிக்கும் நேரம்தான் அது. கிளீனரை வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் கொஞ்சம் அடினோசின் இறங்கும், இருக்கை காலியாகும். அலாரம் அடிக்கும் நேரத்தில்தான் கஃபீன் வந்து துண்டைப் போடும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் என்ற இருவர் 1990-களில் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை மாதிரி வாகனத்தில் ஓட்ட வைத்து இதைச் சோதித்தார்கள். காபி குடித்து, உடனே கால் மணி நேரம் கண்மூடியவர்கள் வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருந்தார்கள். முழுசாகத் தூக்கம் வராமல் சும்மா கிறங்கிக் கிடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும் என்பதையும் அதே இருவர் சோதித்துக் காட்டினார்கள். ராத்திரியில் போலீஸ்காரர் நிறுத்தி முகம் கழுவச் சொல்வதற்கும் இதே அளவு பலன்தான். அவரும் என்ன செய்வார், பாவம்.

இருபது நிமிடத்தை நாற்பதாக நீட்டாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழுந்தால் தலை பாரமாக இருக்கும், முன்னைவிட மோசமாக ஓட்டுவீர்கள். பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, நோயாளியின் பெயரை இரண்டு முறை கேட்டு, எழுதாமலே நின்றவன் நான். அலாரம் அடித்ததும் இறங்கி வண்டியை ஒரு சுற்று நடந்து டயரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள்.

அரை மணி நேரம் நிறுத்த ஓனர் விடுவாரா என்ற கேள்வி உங்களுக்கு வரும். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைத் தெரிந்து வைத்திருக்கிறேன். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை, 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று அதில் இருந்தது. 9.30-க்கு எடுத்த உங்களுக்கு 2.15 என்பது நாலே முக்கால் மணி நேரம். நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

மற்ற கிளாஸ்கள்? கிளம்பும்போது டீ வேண்டாம், அந்த நேரத்தில் உடம்பு தானாகவே விழித்திருக்கும். திருச்சியில் காபிக்குப் பதில் டீ. உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு எதுவும் இல்லை. இப்போது கணக்குப் போட்டால் ராத்திரிக்கு மொத்தம் 190, காலை 8 மணிக்கு மிச்சம் 80 போல. 200 இருந்த இடத்தில் இது பாதிகூட இல்லை. ஆனால் ஆபத்தான நேரம் தொடங்கும் 3 மணிக்கு முன்பைவிட அதிகமாகவே உங்களிடம் இருக்கும். திரும்பி வரும் ராத்திரியில் அதே நேரத்துக்குப் பெரம்பலூர் பக்கம் இருப்பீர்கள், அங்கே நிறுத்துங்கள். ஊர் முக்கியமில்லை, மணிதான் முக்கியம்.

நண்பர்களோடு நிற்கும் 6 மணிக் காபியை விடுவதுதான் சிரமம், எனக்குப் புரிகிறது. அது பானம் இல்லை, பேச்சு. அங்கே பால் குடியுங்கள், அல்லது காபித்தூள் போடாத சுக்கு காபி. சில கடைகளில் தூளும் கலப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினம் 390 குடிக்கும் உடம்புக்குத் திடீரென்று குறைத்தால் அடுத்த நாள் தலைவலி வரும். விடுமுறை நாளில் உங்களுக்குத் தலைவலி வருகிறதென்றால் அது இதுதான். முதலில் 6 மணிக் காபி, நாலைந்து நாள் கழித்து 4.30 மணிக் குப்பி, பிறகு திண்டிவனம் டீ என்று பின்னாலிருந்து எடுத்துக்கொண்டே வாருங்கள்.

அப்படியும் நாலரை மணிக்குச் சொக்கினால்

சொக்கும் நாள் வரும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, பலகையில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டி போகிறது. இவை தெரிந்தால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் கண்ணை மூடுங்கள். தேவைப்பட்டால் ஒரு டீயும் குடியுங்கள். இந்த இடத்தில் பகல் தூக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். அன்றைக்குத் தூக்கம் கெட்டால் கெடட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தால் கஃபீனால் சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓனரிடம் சொல்லி இரண்டு ராத்திரியாவது லீவு எடுத்துத் தூங்கிக் கடனைத் தீருங்கள்.

பகலில் 11 மணிக்கு விழிப்பு வந்தால் கவலைப்பட்டுப் புரள வேண்டாம். எழுந்து சாப்பிடுங்கள். மாலை 5-லிருந்து 6.30 வரை இன்னொரு முறை படுத்துவிட்டு டூட்டிக்குப் போங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் ராத்திரிக்கு நேரடியாக உதவும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தத் தூக்கம் வரைக்கும் டீ கூடாது.

மாத்திரை பற்றி

வேண்டாம். சீட்டில்லாமல் மெடிக்கலில் தருவது பெரும்பாலும் அல்ப்ரசோலமாக இருக்கும், இல்லாவிட்டால் மயக்கம் தரும் அலர்ஜி மாத்திரையாக இருக்கும். அல்ப்ரசோலம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் போட்டால் ராத்திரி 9.30-க்கு வண்டி எடுக்கும்போதும் உள்ளே இருக்கும். அதை எதிர்க்க நீங்கள் இன்னும் அதிகமாகக் காபி குடிப்பீர்கள், அந்தக் காபிக்காக இன்னொரு மாத்திரை போடுவீர்கள். சில டிரைவர்கள் காலையில் மதுவைக் குடித்துவிட்டுத் தூங்குவதும் இதே கதைதான்.

இரண்டு வாரம் இந்த நேரக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் மனைவியிடம் ஒன்றைக் கேளுங்கள்: தூக்கத்தில் நீங்கள் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுவது உண்டா? உண்டு என்றால், அல்லது காலையில் எழும்போதே தலைவலியும் வாய் வறட்சியும் இருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அப்போது எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பு போகாது, காபியின் நேரத்தை எப்படி மாற்றினாலும் பலன் இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் பிரிவுக்கோ காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கோ போய், ராத்திரி பஸ் ஓட்டுகிறேன், ஒரு முறை கண் செருகியது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.